டிவியில் ஷார்ப்னெஸை ஏற்றினால் ஓரமெல்லாம் வெள்ளைக் கோடு வருவது ஏன்?

[திரையில்: தென்னந்தோப்பு, பின்னால் வெளுத்த வானம்]

வணக்கமுங்க. இது பொள்ளாச்சிப் பக்கம் எடுத்த தென்னந்தோப்பு. டிவியில் ஓடவிட்டு, திரைக்குக் கிட்டப் போய் ஒரு ஓலையின் ஓரத்தை மட்டும் பாருங்கள். கரும்பச்சை ஓலையை ஒட்டி, வானத்தைவிட வெளுப்பாக ஒரு மெல்லிய கோடு ஓடுகிறது, தெரிகிறதா? இதே வீடியோவை லேப்டாப்பில் பார்த்தால் அந்தக் கோடு இல்லை. டிவிதான் அதை வரைந்திருக்கிறது. வரையச் சொன்னது ஷார்ப்னெஸ்.

ஷார்ப்னெஸை ஏற்றினால் மறைந்திருக்கும் விவரம் வெளியே வரும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வராது. படத்தில் பதிவாகாத ஓலை நரம்பை இந்தக் கன்ட்ரோலால் கொண்டுவர முடியாது. அது செய்வதெல்லாம், வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற இடத்தில் அந்த வித்தியாசத்தை இன்னும் பெரிதாக்குவதுதான்.

[திரையில்: ஆறு கட்டங்கள், எண்களோடு]

எப்படி என்று எண்ணில் பார்ப்போம். வரிசையாக ஆறு பிக்சல். முதல் மூன்று வானம், ஒவ்வொன்றின் வெளிச்சமும் 100. அடுத்த மூன்று ஓலை, ஒவ்வொன்றும் 40. டிவி ஒவ்வொரு பிக்சலையும் அதன் இரண்டு பக்கத்துப் பிக்சல்களின் சராசரியோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தில் பாதியைக் கூட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் இருக்கும் வானத்துப் பிக்சலுக்கு ஒரு பக்கம் 100, மறுபக்கம் 40, சராசரி 70. அதைவிட இது 30 அதிகம், அதில் பாதி 15, ஆக 115 ஆகிவிடும். அதை ஒட்டிய ஓலைப் பிக்சல் 70ஐ விட 30 குறைவு, அதனால் 40லிருந்து 25க்கு இறங்கிவிடும். மற்ற நாலும் அப்படியே இருக்கும்.

100, 100, 115, 25, 40, 40. அந்த 115தான் நீங்கள் பார்த்த வெள்ளைக் கோடு, 25 அதை ஒட்டிய கறுப்புக் கோடு. ஓரம் துடிப்பாகத் தெரிந்தால் படமே தெளிவாக இருப்பதாக நம் கண் எடுத்துக்கொள்ளும், அதனால்தான் கடையில் வரிசையாக டிவிகளை ஓடவிடும்போது ஷார்ப்னெஸ் தூக்கலாக வைத்த டிவி சட்டென்று பிடித்துப்போகிறது. நிஜ டிவியில் கணக்கு இதைவிடச் சிக்கலாக, நாலு பக்கமும் பார்த்து நடக்கும், ஆனால் அடிப்படை இதுதான்.

பழைய பெட்டி டிவிக் காலத்தில் இந்தக் கன்ட்ரோலுக்கு ஒரு நியாயம் இருந்தது. ஆன்டெனாவிலும் கேபிளிலும் வந்த அனலாக் சிக்னலில் நுணுக்கமான பகுதி வழியிலேயே தேய்ந்துவிடும், அதைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்க இது தேவைப்பட்டது. எச்டிஎம்ஐ கேபிளில் பிக்சல் பிக்சலாக வரும் படத்தில் அப்படி எதுவும் தேய்வதில்லை.

[திரையில்: சாம்பல் பின்னணியில் கறுப்புக் கோடுகள்]

சரி, இதை எப்படிச் சரியாக வைப்பது? லேப்டாப்பில் பெயின்ட் மாதிரி ஏதாவது ஒன்றைத் திறந்து, பின்னணி முழுக்க நடுத்தரச் சாம்பல் நிறம் கொடுங்கள், மேலே மெல்லியதும் தடித்ததுமாக நாலைந்து கறுப்புக் கோடு போடுங்கள். பின்னணி வெள்ளையாக இருக்கவே கூடாது. வெள்ளை ஏற்கனவே உச்சத்தில் இருக்கிறது, அதற்கு மேல் ஏற இடமில்லை, அதனால் டிவி கோடு வரைந்தாலும் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. சாம்பலில்தான் அகப்படும்.

எச்டிஎம்ஐயில் இணைத்து, லேப்டாப்பின் ரெசல்யூஷனை டிவியினுடையதற்கே வையுங்கள், ஃபுல் எச்டி என்றால் 1920 × 1080, 4கே என்றால் 3840 × 2160. டிவி படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரத்தை வெட்டிக் காட்டினால் பிக்சல் கலங்கி இந்தச் சோதனையே வீணாகிவிடும், அதனால் பிக்சர் சைஸில் ஓரம் வெட்டாத அமைப்பை முதலில் போட்டுவிடுங்கள். பிக்சர் மோடு விவிடில் இருந்தால் சினிமாவுக்கு மாற்றுங்கள்.

இப்போது ஷார்ப்னெஸை உச்சத்துக்கு ஏற்றுங்கள். கறுப்புக் கோட்டின் இருபுறமும் வெள்ளை வரி பளிச்சென்று வரும். எதைத் தேடுகிறோம் என்று கண்ணுக்குப் பழகியதும், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். வெள்ளை வரி மறையும் இடத்தில் நிறுத்துங்கள். அதற்கும் கீழே போனால் சில டிவியில் எதுவும் மாறாது, சில டிவியில் கோடு மங்கிக் கசிய ஆரம்பிக்கும். மங்கினால் திரும்பக் கொஞ்சம் ஏற்றுங்கள்.

இந்த எண் எல்லா டிவிக்கும் ஒன்றல்ல. சில டிவியில் 0தான் எதையும் சேர்க்காத நிலை, சோனியில் பொதுவாக 50. அதனால் ஈரோட்டில் இருக்கும் மாமா வீட்டு டிவி எண்ணைக் கேட்டு வாங்கி அப்படியே போடாதீர்கள். 0 வைத்தும் வெள்ளை வரி போகவில்லையா? அப்போ மெனுவில் எட்ஜ் என்ஹான்ஸர், சூப்பர் ரெசல்யூஷன் மாதிரிப் பெயரில் இன்னொன்று ஓடிக்கொண்டிருக்கும், அதையும் அணையுங்கள்.

பல டிவிகளில் ஒவ்வொரு எச்டிஎம்ஐக்கும் அமைப்பு தனித்தனி. லேப்டாப்பில் கண்டுபிடித்த எண்ணை செட்டாப் பாக்ஸ் செருகியிருக்கும் இன்புட்டிலும் போட வேண்டும். மாற்றியதும் படம் கொஞ்சம் சப்பென்று தோன்றும், நாலு நாள் அப்படியே விட்டுப் பாருங்கள், கண் பழகிவிடும். அதன் பிறகும் ஏதாவது ஒரு சேனலில் மட்டும் எழுத்தைச் சுற்றி வெள்ளை வரி தெரிந்தால், அது அனுப்பும் இடத்திலேயே சேர்ந்து வருகிறது. அதை உங்கள் ரிமோட்டால் எடுக்க முடியாது.