“நாளை விடுமுறை” என்ற பதிவால் திங்கட்கிழமை வியாபாரம் போன கதை

[திரையில்: மூடிய ஷட்டரில் ஒட்டப்பட்ட அறிவிப்புத் தாள்]

கடை திறந்திருந்த ஒரு திங்கட்கிழமையில், “உங்கள் ஃபேஸ்புக் பக்கத்தில் நாளை விடுமுறை என்று போட்டிருந்ததே, அதனால்தான் வரவில்லை” என்று வாடிக்கையாளர் ஒருவர் தொலைபேசியில் சொன்னால், கடைக்காரர் எங்கே தவறிவிட்டார்? பதிவு சரியான நேரத்தில்தான் வெளிவந்தது, எழுத்துப் பிழை எதுவும் இல்லை, படமும் அழகாகவே இருந்தது. தவறு “நாளை” என்ற ஒரே சொல்லில் இருக்கிறது. அதைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப் போகிறோம்.

எடுத்துக்காட்டாகக் கிருஷ்ணகிரியில் ஒரு மாட்டுத் தீவனக் கடையை வைத்துக்கொள்வோம். அதற்குக் காவேரிப்பட்டணத்திலும் பாலக்கோட்டிலும் கிளைகள் உண்டு. மூன்றுக்கும் தனித்தனி ஃபேஸ்புக் பக்கங்கள் உண்டு. 2026 பொங்கல் ஜனவரி 15, வியாழக்கிழமை. கிருஷ்ணகிரியும் பாலக்கோடும் 15, 16 ஆகிய இரண்டு நாள் மூடிவிட்டு 17ஆம் தேதி சனிக்கிழமை திறக்கின்றன. காவேரிப்பட்டணக் கிளையின் தெருவில் சனிக்கிழமை எருது விடும் விழாவுக்காகத் தடுப்புக் கட்டிவிடுவார்கள் என்பதாலும், ஞாயிறு அந்தக் கிளைக்கு வார விடுமுறை என்பதாலும், அது 19ஆம் தேதி திங்கட்கிழமைதான் திறக்கும். கதை இவ்வளவுதான்.

இப்போது அந்தச் சொல்லுக்கு வருவோம். கடைக்காரர் 14ஆம் தேதி காலை 7 மணிக்கு வெளிவரும்படி, “நாளை முதல் கடை விடுமுறை” என்று ஒரு நினைவூட்டலை முன்கூட்டியே நேரம் குறித்து வைக்கிறார். அவருக்கு நாளை என்றால் 15. ஆனால் ஃபேஸ்புக் பதிவுகளை வந்த வரிசையில் மட்டுமே காட்டுவதில்லை. இரண்டு பேர் கருத்து எழுதினால்கூட, நான்கு நாள் பழைய பதிவு ஒருவரின் கைபேசியில் புதிதாக எழுந்து நிற்கலாம். ஞாயிற்றுக்கிழமை மாலை, மாட்டுக் கொட்டகையில் தவிட்டு மூட்டை அடிமட்டத்துக்கு வந்துவிட்ட நிலையில் ஒருவர் அதைப் பார்க்கிறார். பதிவின் தேதி மேலே சிறிய எழுத்தில் மங்கலாக இருக்கிறது. “நாளை விடுமுறை” என்பதோ நடுவில் மஞ்சள் நிறத்தில் பளிச்சென்று இருக்கிறது. அவர் எதைப் படிப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. திங்கட்கிழமை அவர் வேறு கடைக்குப் போகிறார்.

ஆகவே முன்கூட்டியே நேரம் குறிக்கப்படும் எந்தப் பதிவிலும் இன்று, நாளை, நாளை மறுநாள், இந்த வாரம் ஆகிய சொற்கள் இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அவற்றின் இடத்தில் தேதியும் கிழமையும் சேர்ந்தே இருக்க வேண்டும். தேதியைப் பிழையாக அடித்துவிட்டால் கிழமை அதனோடு ஒத்துப்போகாது. எழுதியவர் வெளியிடும் முன்பே அதைப் பிடித்துவிடலாம்.

இன்னொரு சொல் இதைவிடக் கள்ளத்தனமானது, அது “வரை”. “15 முதல் 17 வரை விடுமுறை” என்று எழுதினால், 17 அன்று கடை உண்டா இல்லையா? சிலர் 17ஐயும் விடுமுறையில் சேர்த்துப் படிப்பார்கள், சிலர் அன்று காலையே ஷட்டர் முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு நிற்பார்கள். இரண்டு தரப்பும் தமிழைச் சரியாகத்தான் படித்திருக்கிறார்கள். மூடும் நாளைவிடத் திறக்கும் நாள்தான் வாடிக்கையாளருக்குத் தேவை என்பதால், காவேரிப்பட்டணத்துக்கான அறிவிப்பு இப்படி இருக்கட்டும்:

[திரையில்:]
“காவேரிப்பட்டணம் கிளை ஜனவரி 19, திங்கள் காலை 9 மணிக்குத் திறக்கும். ஜனவரி 15 வியாழன், 16 வெள்ளி, 17 சனி, 18 ஞாயிறு ஆகிய நான்கு நாள்கள் கடை இல்லை. வீட்டுக்கு வந்து இறக்க வேண்டிய தீவனத்தை ஜனவரி 13, செவ்வாய் மாலை 5 மணிக்குள் சொல்லிவிடவும்.”

கிளையின் பெயர் முதல் சொல்லாக வந்திருப்பதைக் கவனியுங்கள். பதிவில் உள்ள படத்தை மட்டும் சேமித்து வாட்ஸ்அப் குழுவில் தள்ளிவிடுவது நம் ஊர் வழக்கம். கீழே எழுதிய விளக்கம் அதோடு போகாது. கிளையின் பெயர் படத்திலேயே இல்லாவிட்டால், காவேரிப்பட்டணத்தின் நான்கு நாள் விடுமுறை பாலக்கோட்டுக்காரரையும் வீட்டில் உட்கார வைத்துவிடும். ஒரே படத்தை மூன்று பக்கங்களுக்கும் போடுவது பத்து நிமிடத்தை மிச்சப்படுத்தும். அந்தப் பத்து நிமிடம் எனக்கு வேண்டாம்.

நேரம் குறிப்பதை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். Meta Business Suite செயலியில் பதிவை எழுதி, Schedule என்பதைத் தேர்ந்து, தேதியையும் நேரத்தையும் கொடுக்க வேண்டும். முதல் அறிவிப்பு 8ஆம் தேதி வியாழன். அது வெளிவந்ததும் பக்கத்தின் மேலே பொருத்திவிடுங்கள். தீவனத்தைச் சொல்லிவிடும்படி முதல் நினைவூட்டல் 12 திங்கள் மாலை, விடுமுறை பற்றிய கடைசி நினைவூட்டல் 14 புதன் காலை, கடை திறந்துவிட்டது என்ற பதிவு அந்தந்தக் கிளை திறக்கும் நாள் காலை. AM, PM இரண்டையும் ஒரு முறைக்கு இரு முறை பாருங்கள். புதன் காலை 7 மணிக்கு வர வேண்டியது இரவு 7 மணிக்கு வந்தால், போகிக்குக் கடை சாத்திய பிறகு யாருக்கு நினைவூட்டுவது?

பக்கத்துக்கு நான்காக, மூன்று பக்கங்களுக்கும் சேர்த்துப் பன்னிரண்டு பதிவுகள் ஆகின்றன. திட்டம் மாறும்போதுதான் இந்த எண்ணிக்கை கடிக்கும். பாலக்கோடு கிளை சனிக்கிழமையும் திறக்காது என்று 11ஆம் தேதி முடிவாகிறது என்று வையுங்கள். வெளிவந்துவிட்ட முதல் அறிவிப்பைத் திருத்தியதோடு கடைக்காரர் திருப்தி அடைந்துவிடுவார். ஆனால் காத்திருக்கும் இரண்டு நினைவூட்டல்களும் திறப்புப் பதிவும் பழைய தேதியையே சுமந்துகொண்டு அமைதியாக உட்கார்ந்திருக்கும். Planner என்ற நாள்காட்டியைத் திறந்து, அந்தப் பக்கத்தின் பெயரில் காத்திருக்கும் ஒவ்வொரு பதிவையும் தொட்டுப் பாருங்கள். படத்தில் தேதி இருந்தால் எழுத்தை மட்டும் மாற்றிப் பயனில்லை. பழைய பதிவை நீக்கிவிட்டுப் புதுப் படத்தோடு மறுபடியும் நேரம் குறியுங்கள்.

கூகுள் வரைபடத்தில் கடையின் வேலை நேரம் தனி. அங்கே Special hours என்ற இடத்தில் ஒவ்வொரு கிளைக்கும் மூடும் நாள்களைக் குறித்துவிடுங்கள். இல்லையென்றால் பொங்கலன்றும் கடை திறந்திருப்பதாகவே காட்டும்.

வாட்ஸ்அப் பிசினஸில் வைக்கும் Away message பற்றி இரண்டு செய்திகள். Custom schedule என்பதில் தொடக்க நேரமும் முடிவு நேரமும் கொடுத்தால் விடுமுறை நாள்களில் மட்டும் பதில் போகும். ஆனால் கைபேசியில் இணைய இணைப்பு இருந்தால்தான் அது போகும். கடையின் கைபேசியை அணைத்துக் கல்லாப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுப் பொங்கலுக்கு ஊருக்குப் போனால் ஒருவருக்கும் பதில் கிடைக்காது. யாருக்கு அனுப்புவது என்ற இடத்தில், கைபேசியில் பெயர் சேமிக்காதவர்களுக்கு மட்டும் என்று இருந்தால் அதை மாற்றிவிடுங்கள். பத்து வருடமாகப் புண்ணாக்கு வாங்கும் வாடிக்கையாளரின் பெயரைத்தான் நீங்கள் முதலில் சேமித்து வைத்திருப்பீர்கள். அப்படி விட்டால் அவருக்குத்தான் பதில் போகாது.

17ஆம் தேதி காலை கிருஷ்ணகிரி, பாலக்கோடு பக்கங்களிலும், 19ஆம் தேதி காலை காவேரிப்பட்டணம் பக்கத்திலும் மேலே பொருத்திய அறிவிப்பைக் கழற்றிவிடுங்கள். உங்கள் கடைப் பக்கத்தில் போன தீபாவளியின் விடுமுறை அறிவிப்பு இன்னும் மேலேயே நின்றுகொண்டிருந்தால், இந்த வீடியோவை நிறுத்திவிட்டு முதலில் அதை எடுத்துவிட்டு வாருங்கள். எத்தனை மாதம் நின்றது என்பதைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள், நான் சிரிக்க மாட்டேன் என்று மட்டும் உறுதி தர இயலாது.