பில்லில் இருக்கும் எண் உங்கள் போனுடையதுதானா?

வணக்கம் நேயர்களே. ஆன்லைனில் வாங்கிய போனுக்குப் பில் இருக்கிறதா என்று கேட்டால் பலரும் ‘உங்கள் ஆர்டர் உறுதியானது’ என்று வந்த மின்னஞ்சலைத்தான் காட்டுகிறார்கள். அது பில் இல்லைங்க. பொருளை அனுப்பும்போது விற்பவர் பெயரில் போடுகிற இன்வாய்ஸ்தான் பில். ஆர்டர் பக்கத்துக்குப் போய் நாம்தான் அதை இறக்கிக்கொள்ள வேண்டும்.

என் தங்கை அதைச் சரியாகவே செய்தாள். வாங்கிய மூன்றாம் நாள் போன் திரையில் மேலிருந்து கீழாக ஒரு பச்சைக் கோடு. திருப்பி அனுப்பினாள், வேறு போன் வந்தது, சந்தோஷம். எட்டு மாதம் கழித்து சார்ஜ் ஏறவில்லை. பில்லோடு சர்வீஸ் சென்டருக்குப் போனாள். கவுண்டரில் இருந்த பையன் பில்லைப் பார்த்தான், போனைப் பார்த்தான், “அக்கா, இது இந்தப் போனோட பில் இல்லையே” என்றான்.

அவன் சொன்னதும் சரிதான். பில்லில் இருந்தது திருப்பி அனுப்பிய போனின் ஐ.எம்.இ.ஐ. எண். ஒவ்வொரு போனுக்கும் 15 இலக்கத்தில் தனி எண் உண்டு. டயல் செய்கிற இடத்தில் ஸ்டார், ஹேஷ், பூஜ்யம், ஆறு, ஹேஷ் என்று அழுத்துங்கள், திரையில் வந்துவிடும். இன்னொரு முறை சொல்கிறேன்: ஸ்டார், ஹேஷ், பூஜ்யம், ஆறு, ஹேஷ். இரண்டு சிம் போன் என்றால் இரண்டு எண் வரும், பில்லில் ஒன்று மட்டும் இருந்தால் பதற வேண்டாம்.

தங்கை விற்றவர்களுக்கு எழுதி, பழைய எண்ணுக்குப் பதில் இந்த எண்ணுள்ள போனைக் கொடுத்தோம் என்று ஒரு கடிதம் வாங்கினாள். அதையும் பழைய பில்லையும் சேர்த்துக் கொடுத்த பிறகுதான் வேலை நடந்தது. போன் புதிதாக வந்ததே, வாரண்டியும் புதிதாகத் தொடங்கும் என்று அவள் நினைத்திருந்தாள். பெரும்பாலும் அப்படி இல்லை, முதல் பில் தேதியிலிருந்துதான் கணக்கு.

அதனால் மாற்றுப் பொருள் கைக்கு வந்த அன்றே, மறுநாள் இல்லை, அன்றே எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். சில பில்லில் எண்ணே இருக்காது, அப்போது பெட்டியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படம் எடுத்து பில்லோடு சேர்த்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். அந்தக் கடைக் கணக்கு என்றைக்காவது முடங்கினாலும் பில் உங்களிடம் இருக்கும்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். போனை விற்பது பற்றித்தான் அதிகம் பேச நினைத்தேன், சரி, ஒன்று மட்டும். வாங்குபவருக்குப் பில் நகல் கொடுக்கும்போது உங்கள் முகவரியையும் கைபேசி எண்ணையும் மறைத்துவிடுங்கள். தேதி, விற்றவர் பெயர், அந்த 15 இலக்க எண், மூன்றும் தெரியட்டும். போனை மாற்றி வாங்கியிருந்தால் அந்தக் கடிதத்தையும் சேர்த்துக் கொடுங்கள், இல்லையென்றால் என் தங்கை கவுண்டரில் நின்ற மாதிரி அவர் போய் நிற்பார். வணக்கம்.