கடைத் தேங்காயும் கார்பன் கணக்கும்

(எங்கள் ஊர்க் கண்மாய்ப் பாதுகாப்புக் குழுவின் ஆண்டு விழாவில் பேசியது. நண்பர்கள் கேட்டதால் எழுதித் தருகிறேன்.)

விழாத் தலைவர் பேரூராட்சித் தலைவி அம்மா அவர்களே, வேறு கூட்டம் இருந்தும் வந்திருக்கும் வட்டாட்சியர் ஐயா அவர்களே, மாணவர்களை அழைத்து வந்திருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, மைக் கொடுத்த ஒலிபெருக்கித் தம்பியே (போன வருஷம் பாதியில் மைக்கைப் பிடுங்கியதும் இவர்தான்), முன்வரிசையில் இருக்கும் என் பழைய மாணவர்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடைக்குப் பதில் வேப்பங்கன்று கொடுத்த குழுவுக்குத் தனி நன்றி. வீட்டில் பொன்னாடை வைக்க இடமில்லை.

காட்டைக் காப்பாற்றினோம் என்று சொல்லிக் கம்பெனிகளுக்கு விற்கிற கார்பன் கிரெடிட்டில் மூன்று குறை சொல்வார்கள். கூடுதல்தன்மை, கசிவு, நிரந்தரம். மூன்றையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் இறங்குவேன்.

'கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதை' என்று நம்மூரில் சொல்வோம். தேங்காய் கடைக்காரனுடையது, புண்ணியம் உடைத்தவனுக்கு. வகுப்பிலே நான் ஆயிரம் முறை சொன்ன பழமொழி. இன்றைக்கும் விடமாட்டேன்.

ஒரு கிரெடிட் என்றால் ஒரு டன் கார்பன் டை ஆக்சைடு. புகை விடுகிற கம்பெனி எங்கோ ஒரு காட்டுக்குப் பணம் கொடுக்கும். வெட்டியிருந்தால் இத்தனை டன் காற்றில் கலந்திருக்கும், வெட்டவில்லை, ஆகவே அத்தனை டன் எங்கள் கணக்கில் கழியட்டும் என்று சொல்லும். பணம் வராவிட்டால் அந்தக் காட்டை நிஜமாகவே வெட்டியிருப்பார்களா? கூடுதல்தன்மை என்பது இந்த ஒரு கேள்விதான். நடக்காமல் போனதை யாராலும் அளக்க முடியாது, ஊகிக்கத்தான் முடியும். அந்த ஊகத்தை எழுதுகிறவர்களுக்கு எண் பெருகப் பெருக லாபம்.

தென்னமெரிக்காவில் பொலிவியா நாட்டின் கிழக்கு ஓரத்தில் நோயல் கெம்ப் மெர்காடோ தேசியப் பூங்கா இருக்கிறது. அதையொட்டிய காட்டில் மரம் வெட்டும் கம்பெனிகள் குத்தகை வைத்திருந்தன. 1997 வாக்கில் அமெரிக்கன் எலெக்ட்ரிக் பவர், பி.பி., பசிபிகார்ப் என்ற மூன்று எரிசக்தி நிறுவனங்கள் பணம் போட்டன. நேச்சர் கன்சர்வன்சி அமைப்பும் பொலிவிய அரசும் உள்ளூர்த் தொண்டு அமைப்பும் சேர்ந்து, குத்தகைக்காரர்களுக்கு ஈட்டுத்தொகை கொடுத்து அனுப்பிவிட்டு, எட்டு லட்சம் ஹெக்டேருக்கு மேல் பூங்காவோடு சேர்த்தார்கள். வெட்டு நின்றது, அது நிஜம், நல்ல காரியம்தான். ஆனால் கணக்கு? 30 ஆண்டுகளில் சுமார் 55 மில்லியன் டன் மிச்சமாகும் என்று முதலில் சொன்னார்கள். வெட்டியிருந்தால் எவ்வளவு வெட்டியிருப்பார்கள் என்பதை மர வியாபார நிலவரத்தை வைத்துத் திருப்பிக் கணக்குப் போட்டபோது அது 5.8 மில்லியனுக்கு இறங்கிவிட்டது. காடும் அதேதான், மரமும் அதேதான், மாறியது ஊகம் மட்டும். முதல் எண்ணை நம்பி விற்றிருந்தால் பத்தில் ஒன்பது தேங்காய் கடைத் தேங்காய்தானே!

ஊகம் சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. அதே மண், அதே மழை, ஊரிலிருந்தும் சாலையிலிருந்தும் அதே தூரத்தில், ஆனால் பணம் வராத இன்னொரு காட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆறு நாடுகளில் 26 திட்டங்களை அப்படி ஒப்பிட்ட ஆய்வு 2023-ல் வந்தது. பெரும்பாலான திட்டங்களில் காடழிவு குறிப்பிடும்படி குறையவே இல்லை.

அடுத்தது கசிவு. இதற்கு நம்மூர் ஆடு போதும்.

பல வருஷம் முன்னால் ஒரு அமைப்பு, பெயர் வேண்டாம், எங்கள் மந்தைவெளியில் நாற்பது ஏக்கரைக் கம்பிவேலி போட்டு அடைத்துக் கன்று நட்டது. திறப்பு விழாவுக்கு என்னையும் கூப்பிட்டார்கள், நானும் வெட்கமில்லாமல் போய்க் கேசரி சாப்பிட்டுவிட்டு வாழ்த்திப் பேசினேன். மாசம் இரண்டு கழித்துப் படம் எடுத்து அனுப்பினார்கள். வேலிக்குள்ளே பச்சைப்பசேல் என்று இருக்கிறது, பிரமாதம்! அன்றைக்குச் சாயந்திரம் டீக்கடையில் கிடைபோடும் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். "என்ன பெரியப்பா, மந்தை இப்ப எப்படி இருக்கு?" என்றேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே, "மந்தை நல்லாத்தான் இருக்கு வாத்தியாரே. ஆடுதான் அங்க இல்ல" என்றார். எங்கே என்று கேட்டேன். வாயால் சொல்லவில்லை, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நடந்தார். பின்னாலேயே போனேன். இரண்டு கிலோமீட்டர் தள்ளி, பக்கத்து ஊர்க் கண்மாய்க்கரை. அந்த ஊர்க்காரர்கள் வைத்த நாட்டுக்கருவேலங் கன்று வரிசையாக மொட்டை. குச்சி மட்டும் நிற்கிறது, பட்டையைக்கூட விடவில்லை. "ஏன் பெரியப்பா இப்படி?" என்றேன். "நூத்தி இருவது உருப்படி வாத்தியாரே. வேலி போட்டவுக ரசீது குடுத்தாக. ஆடு ரசீது திங்குமா?"

அந்த அமைப்பின் அறிக்கையில் நாற்பது ஏக்கர் பச்சை இருந்தது. பக்கத்து ஊர்க் கண்மாய்க்கரை அறிக்கைக்கு வெளியே. கசிவு என்றால் இதுதான். அங்கே பொலிவியாவில், வாங்கிய ஈட்டுத்தொகையை வேறிடத்து மரவெட்டில் போடக்கூடாது என்று குத்தகைக்காரர்களிடம் கையெழுத்தே வாங்கினார்கள். அந்த அளவுக்காவது யோசித்தார்கள். ஆனால் சந்தையில் பலகை வாங்குகிறவனுக்கு அந்த ஒப்பந்தம் எதற்கு? இந்தக் காட்டுப் பலகை வராவிட்டால் அடுத்த காட்டில் இன்னொருவன் அறுத்துக் கொடுப்பான். அந்தப் பங்கு எவ்வளவு என்பதில்தான் இன்றுவரை சண்டை.

வட்டாட்சியர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். முடித்துவிடுகிறேன், உங்களிடம்தான் ஒரு விண்ணப்பமும் இருக்கிறது.

மூன்றாவது நிரந்தரம், காப்பாற்றிய மரம் கடைசிவரை நிற்குமா என்ற கேள்வி. அதைப் பற்றி ஒரே விஷயம். கலிபோர்னியாவில், கிரெடிட்டாகக் கணக்குக் காட்டி விற்ற மரம் எரிந்துபோனால் ஈடுகட்ட, கிரெடிட்டில் ஒரு பங்கை விற்காமல் ஒதுக்கி வைப்பார்கள். காட்டுத்தீக்கென்று நூறு ஆண்டுக்கு ஒதுக்கியதில் 95 சதவீதமாவது பத்து வருஷத்துக்குள்ளேயே தீர்ந்துவிட்டது என்று 2022-ல் ஓர் ஆய்வு சொன்னது. இதை விரிவாக அடுத்த ஆண்டு விழாவில் பேசுகிறேன், மைக்கை விட்டால்.

இதெல்லாம் எனக்கு எதற்கு? போன மாசம் இரண்டு பேர் காரில் வந்து, ஊரில் தரிசு எங்கே இருக்கிறது, மரம் நட்டுக் கிரெடிட் வாங்கலாம் என்று விசாரித்தார்கள். மத்திய அரசு 2023-ல் பசுமைக் கிரெடிட் விதிகளைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு வந்த வழிகாட்டுதலில் புதர்க்காடும் தரிசும் நடுகைக்கு உரிய நிலமாக இருந்தன, ஹெக்டேருக்குக் குறைந்தது 1,100 மரம் என்று. அது வனத்துறை நிலத்துக்கு. நம் மந்தைவெளி வருவாய்த்துறை நிலம். ஆனால் 'தரிசு' என்ற சொல் பரவினால் துறை பார்த்தா நிற்கும்? புல்லும் நெருஞ்சியும் கோரையும் முளைத்து நூற்றிருபது உருப்படிக்குச் சோறு போடுகிற இடம் தரிசாம்! ஆட்டுக்காரன் தேங்காயை எடுத்து யாரோ பிள்ளையாருக்கு உடைக்கப் பார்க்கிறார்கள்.

ஐயா, 'அ' பதிவேட்டில் அந்தப் புல எண் மேய்க்கால் புறம்போக்கு என்றுதான் இருக்கிறது, நகல் என் பையில் இருக்கிறது. கணினியில் ஏற்றும்போது தரிசு என்று விழுந்துவிட்டது. திருத்தக் கேட்டு மனு எழுதியிருக்கிறேன். அக்டோபர் 2 வரப்போகிறது, பக்கத்து ஊராட்சிக்காரர்கள் அன்றைய கிராம சபையில் அவர்கள் மேய்க்காலுக்கும் தீர்மானம் போடட்டும், வாசகத்தை நானே எழுதித் தருகிறேன். நம் மனு வாசலில் பெஞ்சின் மேல் இருக்கிறது. பேனா ஒன்றுதான் வைத்திருக்கிறேன், கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்தவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.