எழுதாத ‘இருக்கிறது’

அவைத்தலைவர் அவர்களே, பள்ளிவாசல் நிர்வாகத் தலைவர் அவர்களே, மதரஸா முதல்வர் ஹஸ்ரத் அவர்களே, மைக்கைத் தரும்போதே “பத்து நிமிடம்தான்” என்று காதில் ஓதிவிட்ட செயலாளர் அவர்களே, தாய்மார்களே, மாணவர்களே! ஹஸ்ரத் முன்னால் அரபு இலக்கணம் பேச எனக்குத் துணிச்சல் அதிகம்தான்.

வினையில்லாத அரபு வாக்கியம், அதன் தமிழாக்கம், அரபுத்தமிழ் ஏடுகள் என மூன்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

அரபியில் பெயரில் தொடங்கும் வாக்கியம் ஜும்லா இஸ்மிய்யா. எழுவாய் முப்ததா, பயனிலை கபர். நிகழ்காலத்தில் இரண்டையும் இணைக்க வினை வேண்டாம். ‘அல்பைத்து கபீருன்’ என்றால் ‘வீடு பெரியது’. எள் என்றால் எண்ணெயாக நிற்க வேண்டும் என்பார் என் உஸ்தாத். கேட்பவன் மீதியைப் புரிந்துகொள்வான் என்று நம்பும் மொழி அது.

அவருடைய மாலை வகுப்பில் ஒரு மளிகைக்கடை அண்ணன் படித்தார். எழுதாத வினைக்கு ‘இருக்கிறது’ போடவேண்டும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எல்லா வாக்கியத்துக்கும் போட்டார். ‘அஸ்ஸலாமு அலைக்கும்’ வந்தது. எழுந்து நின்று, “சாந்தி உங்கள் மேல் இருக்கிறது” என்றார். பின்வரிசைப் பையன் ஒருவன், “எந்தச் சாந்தி அண்ணே? வீட்டில் தெரியுமா?” என்றான். உஸ்தாத் சிரிப்பை அடக்க முடியாமல் கிதாபால் முகத்தை மூடிக்கொண்டார். அடங்கிய பிறகு சொன்னார்: “தம்பி, இது செய்தி இல்லை, துஆ. ‘உண்டாகட்டும்’ என்று சொல். எள் என்றால் எண்ணெயாக நிற்கலாம். எல்லாவற்றிலும் எண்ணெயை ஊற்றக் கூடாது.”

அப்படியானால் எங்கே ஊற்றுவது? வாக்கியத்தை மறுத்துப் பாருங்கள். அரபியில் எல்லாவற்றுக்கும் ‘லைஸ’ ஒன்றே போதும். தமிழில் அது இரண்டாகப் பிரியும். ‘லைஸல் பைத்து கபீரன்’ என்பது ‘வீடு பெரியது அல்ல’. ‘அல்ல’ வந்தால் உடன்பாட்டில் வினை சேர்க்க வேண்டாம். ‘வீடு பெரியது’ போதும். ‘லைஸல் கிதாபு அலல் மக்தபி’ என்பது ‘புத்தகம் மேசைமேல் இல்லை’. ‘இல்லை’ வந்தால் உடன்பாட்டில் ‘இருக்கிறது’ வேண்டும். ‘இந்தீ கிதாபுன்’ என்பதும் அப்படியே: ‘என்னிடம் ஒரு புத்தகம் இருக்கிறது’.

வேடிக்கை என்னவென்றால், இடம் சொல்லும் இத்தகைய கபரில் ‘காஇனுன்’ என்ற சொல் மறைந்திருப்பதாக அரபு இலக்கணிகளே சொன்னார்கள். ‘இருப்பது’ என்று பொருள். அவர்கள் மறைவாக வைத்ததைத் தமிழன் வாய்விட்டுச் சொல்கிறான், அவ்வளவுதான். இறந்தகாலத்தில் அவர்களுக்கும் மறைக்க வழியில்லை. ‘கானல் பைத்து கபீரன்’ என்று ‘கான’ வெளியே வந்துவிடும், ‘கபீருன்’ ‘கபீரன்’ ஆகிவிடும். தமிழிலும் ‘வீடு பெரியதாக இருந்தது’ என்றுதான் சொல்ல முடியும்.

இதற்குத்தான் நான் ஊர் ஊராகக் கத்துகிறேன்: மதரஸாவின் முதல் வகுப்புக்குத் தமிழ் இலக்கணத்தின் பெயர்ப்பயனிலையை வையுங்கள்! ‘இவர் என் மாமா’ என்று வினையில்லாமல் நாள்தோறும் பேசும் பிள்ளைக்கு, ஆங்கில இலக்கணத்தைக் காட்டி “இங்கே ஒரு வினை தொலைந்துவிட்டது” என்று ஏன் பயமுறுத்த வேண்டும்? அவன் கையில் எள்ளும் இருக்கிறது, செக்கும் இருக்கிறது. நிர்வாகத் தலைவர் அவர்கள் வரும் ஷவ்வால் மாத வகுப்பிலேயே இதைத் தொடங்க வேண்டும். பாட ஏட்டை நானே எழுதித் தருகிறேன்.

செயலாளர் எழுந்துவிட்டார். அரபுத்தமிழ் ஏடுகளை அடுத்த கூட்டத்தில் பார்ப்போம். வஸ்ஸலாம்.