கடுகு எண்ணெயும் எரூசிக் அமிலமும்

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவில் உள்ள இந்திய மளிகைக் கடைகளில் கடுகு எண்ணெய் வாங்கியவர்கள் கவனித்திருப்பீர்கள். புட்டியின் மேல் 'வெளி உபயோகத்துக்கு மட்டும்' என்று அச்சிட்டிருக்கும். அதே எண்ணெயில்தான் கொல்கத்தாவில் இலிசா மீன் குழம்பு கொதிக்கிறது. பொரியில் அதைப் பச்சையாகவே ஊற்றிப் பிசைந்து தெருவில் விற்கிறார்கள். ஓர் ஊரில் உடம்பில் தேய்க்க மட்டும், இன்னோர் ஊரில் தினம் மூன்று வேளைச் சமையலுக்கு. இரண்டில் எது சரி?

உணவு எண்ணெய்களைச் சோதிக்கும் வேலையில் இருந்தவன் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வரும். இப்போது திருப்பூரிலும் சென்னையிலும் வடமாநிலத்தவர் அதிகம் வாழும் பகுதிகளில் கடுகு எண்ணெய் சாதாரணமாகக் கிடைக்கிறது. நம் வீடுகளிலும் சிலர் வாங்கிப் பார்க்கிறார்கள். அதனால் கேள்வி இன்னும் கூடியிருக்கிறது.

'வெளி உபயோகத்துக்கு மட்டும்' என்ற அந்தத் தடைக்குக் காரணம் எரூசிக் அமிலம். பெயரில் அமிலம் இருக்கிறதே என்று திராவகத்தை நினைக்க வேண்டாம். எல்லா எண்ணெயும் கொழுப்பமிலங்களால் ஆனதுதான். நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் உள்ளவை பெரும்பாலும் 18 கார்பன் அணுக்கள் கோத்த சங்கிலிகள். எரூசிக் அமிலம் 22 கார்பன் நீளம். வித்தியாசம் அந்த நீளத்தில்தான். நாம் வழக்கமாக வாங்கும் இந்தியக் கடுகு எண்ணெயில் ஏறத்தாழ 40 முதல் 50 விழுக்காடு வரை இதுவே இருக்கிறது.

நீளம் கூடினால் என்ன ஆகும்? நம் இதயத் தசை முக்கியமாகக் கொழுப்பை எரித்துத்தான் துடிக்கிறது. எரிக்கும் இடம் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா. அதை ஒரு சிறிய அடுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். எரூசிக் அமிலம் அந்த அடுப்பில் முழுதாக நுழையாத நீள விறகு. மெதுவாகத்தான் எரியும், பக்கத்தில் இருக்கும் மற்ற விறகையும் எரியவிடாது. எரியாத கொழுப்பு சின்னச் சின்னத் துளிகளாக இதயத் தசைக்குள் தேங்கும். இப்படித் தேங்கியதை எலிகளிடம் 1960-களிலும் 70-களிலும் ஆய்வாளர்கள் கண்டார்கள். உணவின் பெரும் பகுதியாக, எரூசிக் அமிலம் மிகுந்த எண்ணெயைக் கொடுத்தபோது சில நாட்களிலேயே துளிகள் தெரிந்தன.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. அதே உணவைத் தொடர்ந்து கொடுத்தபோது சில வாரங்களில் துளிகள் குறையத் தொடங்கின. செல்லுக்குள் பெராக்சிசோம் என்று இன்னொரு பகுதி உண்டு. நீளச் சங்கிலியை வெட்டிக் குட்டையாக்கித் தருவது அதன் வேலை. அந்த வேலை எலியின் உடம்பில் மெல்ல வேகம் பிடித்ததுதான் காரணம். மாதக்கணக்கில் ஊட்டிய எலிகளின் இதயத்தில் சிறு தழும்புகளும் காணப்பட்டன. அதே தழும்புகள் வேறு எண்ணெய் தின்ற ஆண் எலிகளுக்கும் வந்தன என்பதால், அதற்கான பழியை முழுக்க எரூசிக் அமிலத்தின் மேல் போட முடியவில்லை. கொழுப்புத் துளி தேங்கியது மட்டும் ஐயமில்லாத உண்மை. பன்றிக்குட்டிகளிடமும் அது தெரிந்தது.

மனிதர்கள்? கடுகு எண்ணெய் தின்றதால் மனித இதயத்தில் இந்தக் கோளாறு வந்தது என்று இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை. வந்ததே இல்லை என்றும் நிரூபிக்கவில்லை. அட்ரினோலூகோடிஸ்ட்ரோபி என்ற அரிய நரம்பு நோய் உள்ள பிள்ளைகளுக்கு, எரூசிக் அமிலம் சேர்ந்த ஒரு எண்ணெய்க் கலவையை மருந்தாகக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு இரத்தத் தட்டணுக்கள் குறைந்தன. மனிதரிடம் தெளிவாகத் தெரிந்த விளைவு அதுதான். அது மருத்துவக் கண்காணிப்பில் கொடுத்த மருந்தளவு. சமையல் அளவு அல்ல.

இனி எண்ணுக்கு வருவோம், பயம் பிறப்பதே அங்கேதான். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-ல் ஒரு வரம்பு சொன்னது: உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 7 மில்லிகிராம் எரூசிக் அமிலம். 60 கிலோ எடை உள்ளவருக்கு 420 மில்லிகிராம். ஒரு தேக்கரண்டி கடுகு எண்ணெயிலேயே ஏறத்தாழ 2 கிராம், அதாவது 2000 மில்லிகிராம் இருக்கிறது. ஒரு தேக்கரண்டியிலேயே வரம்பைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு வந்துவிடுகிறது. இணையத்தில் இந்த இடத்தோடு நிறுத்திவிட்டு 'விஷம்' என்று தலைப்புப் போடுகிறார்கள்.

அந்த 7 எப்படி வந்தது என்று பாருங்கள். எலியிடமும் பன்றிக்குட்டியிடமும் எந்த அளவு வரை இதயத்தில் துளி தேங்கவில்லை என்று முதலில் பார்த்தார்கள். அது கிலோவுக்கு 700 மில்லிகிராம். பிறகு அதை 100-ஆல் வகுத்தார்கள். விலங்கும் மனிதரும் வேறு, மனிதருக்குள்ளும் குழந்தை, முதியவர், நோயாளி வேறு என்பதற்காக வைக்கும் பாதுகாப்பு இடைவெளி அது. 7-ஐத் தாண்டினால் நோய் வரும் என்று அதற்குப் பொருள் இல்லை. தாண்டத் தாண்ட அந்த இடைவெளி குறைகிறது, அவ்வளவுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கொல்கத்தாவில் நான்கு பேர் உள்ள ஒரு வீடு. மாதம் 2 லிட்டர் கடுகு எண்ணெய், வேறு எண்ணெய் கிடையாது. ஒருவர் பங்கு நாளுக்கு ஏறத்தாழ 15 கிராம். அதில் எரூசிக் அமிலம் 7 கிராமுக்குச் சற்றுக் குறைவு. 60 கிலோ ஆளுக்குக் கிலோவுக்கு 113 மில்லிகிராம் வருகிறது. ஐரோப்பிய வரம்பைப்போல் 16 மடங்கு! ஆனால் விலங்குக்கு ஒன்றும் செய்யாத அளவில் அது ஆறில் ஒரு பங்கு கூட இல்லை. இரண்டும் உண்மையே. நூறு மடங்கு இருக்க வேண்டிய இடைவெளி ஆறு மடங்காகச் சுருங்கியிருக்கிறது என்பதே சரியான வாசிப்பு.

அதே வீட்டில் 12 கிலோ எடையுள்ள சின்னக் குழந்தை இருக்கிறது. பெரியவர் பங்கில் பாதி எண்ணெய் தின்கிறது என்று வைத்துக்கொண்டால், கிலோவுக்கு 280 மில்லிகிராமைத் தாண்டுகிறது. இப்போது இடைவெளி மூன்று மடங்குக்கும் குறைவு. எனக்குக் கவலை தருவது இந்த இடம்தான். பெரியவர் அளவோடு கடுகு எண்ணெய் சாப்பிட்டால் நான் தடுக்க மாட்டேன். கைக்குழந்தைக்கும் சின்னப் பிள்ளைக்கும் அதையே ஒரே எண்ணெயாகக் கொடுப்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஐரோப்பாவில் குழந்தைப் பால்மாவுக்கு எரூசிக் அமில வரம்பைத் தனியாக, மிகக் கடுமையாக வைத்திருப்பதும் இதனால்தான்.

கடுகு எண்ணெய்க்குச் சாதகமான சான்றும் உண்டு. டெல்லி, பெங்களூர் மருத்துவமனைகளில் மாரடைப்பு வந்த 350 பேரையும் வராத 700 பேரையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2004-ல் வெளியானது. சூரியகாந்தி எண்ணெய் பயன்படுத்தியவர்களைவிடக் கடுகு எண்ணெய் பயன்படுத்தியவர்களுக்கு மாரடைப்பு அபாயம் ஏறத்தாழப் பாதியாக இருந்தது. இதில் உள்ள ஒமேகா-3 வகைக் கொழுப்பு காரணமாக இருக்கலாம். நிறைவுற்ற கொழுப்பும் இதில் குறைவு. ஆனாலும் இது கேட்டறிந்து ஒப்பிட்ட ஆய்வு. எண்ணெயை மாற்றிக் கொடுத்துப் பார்த்த சோதனை அல்ல. 'இதயத்துக்கு மருந்து' என்று விளம்பரத்தில் சொல்லும் அளவுக்கு அது தாங்காது.

வங்காளிகள் இந்த எண்ணெயைப் புகை வரும்வரை காய்ச்சி, சற்று ஆறவிட்டுத்தான் சமைப்பார்கள். அப்படிக் காய்ச்சினால் எரூசிக் அமிலம் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். போவது மூக்கில் ஏறும் நெடி மட்டும். அந்த நெடி அல்லைல் ஐசோதயோசயனேட் என்ற வேறொரு பொருள்; எளிதில் ஆவியாகிவிடும். எரூசிக் அமிலம் எண்ணெயின் உடம்போடு பிணைந்தது. காய்ச்சினாலும் போகாது, ஆலையில் சுத்திகரித்தாலும் போகாது. செக்கில் ஆட்டியதிலும் அதே அளவுதான்.

அப்படியானால் நம் தாளிப்புக் கடுகு என்ன ஆவது என்று கேட்பீர்கள். ஒரு தேக்கரண்டிக் கடுகு 3 கிராம் இருக்கும். அதில் எண்ணெய் ஒரு கிராம் சொச்சம், எரூசிக் அமிலம் அரை கிராம். ஒரு சட்டிச் சாம்பாரை நாலு பேர் பங்கிட்டால் ஆளுக்கு ஒரு சிட்டிகை கூட வராது. தாராளமாகத் தாளியுங்கள்.

இதற்கு விதையிலேயே தீர்வு காண முடியும். கனடாவில் கடுகின் உறவான ரேப் செடியிலிருந்து எரூசிக் அமிலம் குறைந்த வகையை 1970-களில் உருவாக்கினார்கள். அதன் எண்ணெய்தான் கனோலா. இந்தியாவிலும் டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் எரூசிக் அமிலம் 2 விழுக்காட்டுக்குக் குறைவான பூசா கடுகு 30 என்ற ரகத்தை வெளியிட்டிருக்கிறது. எரூசிக் அமிலம் குறைந்தது என்று தெளிவாகச் சொல்லி விற்கும் புட்டி கிடைத்தால், குழந்தை உள்ள வீட்டுக்கு அதுவே நல்லது. சாதாரணப் புட்டியில் 'ஒற்றை நிறைவுறாக் கொழுப்பு 60 கிராமுக்கு மேல்' என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து ஆலிவ் எண்ணெயோடு சமமாக நினைக்காதீர்கள். எரூசிக் அமிலமும் வேதியியல்படி அந்தக் கணக்கில்தான் வரும். அந்த 60-ல் பெரும்பகுதி அதுதான்.

கடைசியாக, கடுகு எண்ணெயால் நம் நாட்டில் உண்மையிலேயே உயிர்கள் போன ஒரு விஷயம். அதற்கும் எரூசிக் அமிலத்துக்கும் தொடர்பே இல்லை. 1998-ல் டெல்லியில் 60 பேருக்கு மேல் இறந்தார்கள், ஆயிரக்கணக்கானோர் படுத்தார்கள். எண்ணெயில் பிரமதண்டு விதையின் எண்ணெய் கலந்திருந்தது. நம் தரிசுகளிலும் மஞ்சள் பூவோடு முள்ளாக முளைத்துக் கிடக்கும் அதே செடி. விதை கடுகு போலவே கருப்பாக உருண்டிருக்கும், உற்றுப் பார்த்தால் மேல்தோல் சொரசொரப்பாகத் தெரியும். அதில் உள்ள சாங்குவினரின் என்ற நஞ்சு நுண்ணிய இரத்தக் குழாய்களைக் கசியவைக்கும். ஆய்வகத்தில் எண்ணெயோடு அடர் நைட்ரிக் அமிலம் சேர்த்துக் குலுக்கினால் ஆரஞ்சு சிவப்பு நிறம் காட்டும். இதை வீட்டில் செய்யக் கூடாது. அளந்து ஊற்றித் தரும் எண்ணெயைத் தவிர்த்து, முத்திரையிட்ட, உரிம எண் உள்ள புட்டியை வாங்குங்கள். ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே சமயத்தில் கால் வீங்கி, மூச்சு வாங்கினால், அந்த எண்ணெயை உடனே நிறுத்திவிட்டு, மீதம் இருப்பதைக் கொட்டாமல் புட்டியோடு மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். வணக்கம்.