பச்சைக் கதவும் நாற்பத்தைந்து வினாடியும்

நேயர்களுக்கு வணக்கம். ராத்திரி பத்தரை மணிக்கு எங்கள் தெருவில் நாய்கூடச் சுருண்டு படுத்துவிடும். அந்த நேரத்தில்தான் நான் லேப்டாப்பைத் திறந்து வேலைக்கு உட்காருவேன். "கால் சென்டரா?" என்று கேட்பார்கள். இல்லை, இதில் வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. பிரிட்டனில் இருக்கிற ஒரு ஆன்லைன் துணிக்கடையின் வாடிக்கையாளர்களுக்கு சாட்டில் பதில் எழுதும் வேலை. நான் அந்தக் கடையின் ஊழியரும் இல்லை, ஃப்ரீலான்ஸ். எந்தெந்த ஷிப்ட் வேண்டும் என்று வாரத்துக்கு ஒரு முறை எடுத்துக்கொள்வேன். லாகின் ஆகி, 'தயார்' என்று பச்சை விளக்கு எரியும் மணிக்கணக்குக்குத்தான் காசு.

என் ஷிப்ட் அவர்கள் நேரப்படி மாலை 5 முதல் இரவு 11 வரை. குளிர்காலத்தில் அது நமக்கு இரவு பத்தரை முதல் அதிகாலை நாலரை. மார்ச் மாதக் கடைசி ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுவார்கள். அன்று முதல் நமக்கு ஒன்பதரைக்கே ஷிப்ட் தொடங்கிவிடும். முதல் வருஷம் இது தெரியாமல் வழக்கம்போலப் பத்தரைக்கு ஆற அமர வந்து உட்கார்ந்தேன். ஒரு மணி நேரச் சம்பளமும் போச்சு, ஆப்சென்ட் என்று ஒரு குறிப்பும் விழுந்தது.

சரி, வேலைக்கு வருவோம். எனக்குக் கொடுத்திருக்கும் டார்கெட் இது: வாடிக்கையாளர் சாட்டுக்குள் வந்ததும் 45 வினாடிக்குள் முதல் பதில் போக வேண்டும். அதன் பிறகு ஒவ்வொரு பதிலுக்கும் இரண்டு நிமிடம். ஒரே நேரத்தில் மூன்று சாட் வரை வரும்.

முதல் பதிலைப் பற்றி யாரும் கவலைப்படத் தேவையில்லை. இரண்டு எழுத்தைத் தட்டினால் "வணக்கம், தொடர்புகொண்டதற்கு நன்றி, எப்படி உதவலாம்?" என்று முழு வாசகமும் தானாக வந்து விழும். மூன்று வினாடி வேலை. கடிகாரமும் நின்றுவிடும், ரிப்போர்ட்டிலும் பச்சை நிறம். சிக்கல் அதற்கு அடுத்த பதிலில்தான் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் எழுதியதை நிதானமாகப் படிக்க 15 வினாடி. ஆர்டரைத் திறந்து பார்சல் எங்கே என்று பார்க்க அரை நிமிடம். பதில் தட்ட 25 வினாடி. மொத்தம் 70 வினாடி. மூன்று பேரும் ஒரே சமயத்தில் கேட்டால், மூன்றாமவருக்குப் பதில் போகும்போது 210 வினாடி, அதாவது மூன்றரை நிமிடம் ஆகியிருக்கும். நம் கண்ணுக்கு நாம் ஓயாமல் தட்டிக்கொண்டிருக்கிறோம். அவர் கண்ணுக்கு "எப்படி உதவலாம்" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டோம்.

இதற்காகவே ஒரு இடைவரி இருக்கிறது: "பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஒரு நிமிடம்." புதிதாக வருகிறவர்கள் இதை மூன்று பேருக்கும் அனுப்பிவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். ஒரு நிமிடம் என்றால் எதிரே இருப்பவர் கடிகாரத்தைப் பார்ப்பார். நான் "உங்கள் ஆர்டரைத் திறந்திருக்கிறேன், கூரியர் பக்கத்தைப் பார்க்க நான்கு நிமிடம் வேண்டும்" என்று எழுதிவிடுவேன். மூன்றாவது நிமிடத்தில் பதில் வந்தால் அவருக்கே ஆச்சரியம்.

டார்கெட்டில் இன்னொரு சூட்சுமம் உண்டு. அது சராசரியில் கணக்கிடப்படுகிறது. ஒன்பது பேருக்குப் பத்துப் பத்து வினாடியில் முதல் பதில் போய், ஒருவரை ஐந்து நிமிடம் காக்க வைத்துவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 390 வினாடி, சராசரி 39. டார்கெட் 45, நாம் பாஸ். அந்தப் பத்தாவது ஆள் மட்டும் பெரிய எழுத்தில் திட்டிக்கொண்டிருப்பார். ரிப்போர்ட்டில் அவர் தெரியவே மாட்டார், ரேட்டிங்கில் தெரிவார். ஒரு வாரத்தில் எனக்கு இருபது பேர் ரேட்டிங் கொடுத்தாலே அதிகம். அதில் ஒருவர் 'மோசம்' என்று அமுக்கினால் என் மதிப்பெண் 95 சதவீதம். அடுத்த வாரம் ஷிப்ட் தேர்ந்தெடுக்கும்போது யார் முதலில் எடுக்கலாம் என்பது அந்த எண்ணைப் பார்த்துத்தான்.

ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன். ஒருவர் வந்தார். வணக்கம் எதுவும் இல்லை. எல்லாமே பெரிய எழுத்து. தமிழில் சொன்னால் இப்படி: "பார்சல் கொடுத்தாச்சு என்று போட்டிருக்கிறீர்கள். என்னிடம் எதுவும் வரவில்லை. சனிக்கிழமை என் தங்கை கல்யாணம். இதைக் கேட்பது மூன்றாவது தடவை." அன்றைக்கு வியாழன்.

நம் கையில் இதற்கென்றே ஒரு ஸ்கிரிப்ட் இருந்தது. "இதைக் கேட்டு வருந்துகிறோம். சில சமயம் அக்கம்பக்கத்தில் கொடுத்திருக்கலாம். 48 மணி நேரம் பொறுத்திருங்கள், அதன் பிறகும் வராவிட்டால் கூரியரைத் தொடர்புகொள்ளுங்கள்." குறுக்குவிசையில் விரல் வைத்துவிட்டேன். அப்புறம் அந்த 'மூன்றாவது தடவை' கண்ணில் உறுத்தவே, பழைய சாட்டைத் திறந்தேன். திங்களன்று ஒருவர் இதே ஸ்கிரிப்டை அனுப்பியிருக்கிறார். புதனன்று இன்னொருவர், அட்சரம் பிசகாமல் அதையே. நானும் அனுப்பியிருந்தால், அவர் பேசிக்கொண்டிருப்பது மனுஷியிடமா சுவரிடமா என்று கேட்டிருப்பார். கேட்பதிலும் நியாயம் இருந்திருக்கும்.

கோபமாக வருகிறவரைச் சமாளிக்கப் பயிற்சியில் சொல்லித்தருவது, முதலில் அவர் வருத்தத்தைப் புரிந்துகொண்டதாகக் காட்டு என்று. அதைத் தனி வரியாக எழுதினால் அது போலி என்று அவருக்குத் தெரிந்துவிடும் என்பது என் அனுபவம். அவர் சொன்னதையே விவரத்தோடு திருப்பிச் சொல்வது மேல். நான் எழுதியது இவ்வளவுதான்: "திங்களும் புதனும் நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டேன். இரண்டு முறையும் காத்திருக்கத்தான் சொன்னோம். உடை சனிக்கிழமைக்கு வேண்டும். கூரியர்காரர் எடுத்த புகைப்படத்தை இப்போது பார்க்கிறேன், ஐந்து நிமிடம்." மறுபடி விவரிக்கச் சொல்லவில்லை. 'அமைதியாக இருங்கள்' என்று சொல்லவில்லை. அதைப் படித்து அமைதியான ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை. ஸ்கிரிப்டில் இருக்கும் சிரித்த முகத்தையும் அழித்துவிட்டேன்.

பார்சலை வைத்த இடத்தை அங்கே கூரியர்காரர்கள் படம் எடுத்துப் போடுவது வழக்கம். படத்தில் ஒரு பச்சைக் கதவு, பக்கத்தில் பூந்தொட்டி. "உங்கள் வீட்டுக் கதவு என்ன நிறம்?" என்று கேட்டேன். "வெள்ளை. அபார்ட்மென்ட், மூன்றாவது மாடி" என்றார். அதன் பிறகு அவர் பெரிய எழுத்தில் எழுதவில்லை.

ஆனால் கையில் அதிகாரம் இல்லை. இருபத்தைந்து பவுண்டுக்கு மேல் ரீஃபண்டோ மாற்றுப் பொருளோ நான் கொடுக்க முடியாது. உடையின் விலை எழுபது சொச்சம். இந்த இடத்தில்தான் பலர் தப்பு செய்கிறோம். மனசு இளகி "கண்டிப்பாக நாளைக்கே வேறு அனுப்புகிறோம்" என்று எழுதிவிட்டால், சாட்டில் எழுதியது எழுத்துப்பூர்வமான வாக்குறுதி. நாளைக்கு அதைப் படமெடுத்துக் காட்டுவார். நான் "என்னால் முடிவெடுக்க முடியாது, எடுக்கக்கூடியவரிடம் படத்தோடு இப்போது அனுப்பிவிட்டேன், உங்கள் நேரம் எட்டரைக்குள் இதே சாட்டில் பதில் சொல்கிறேன்" என்று எழுதிவிட்டு டீம் லீடருக்கு மூன்று வரி போட்டேன்: படத்தில் இருப்பது வேறு வீடு, மூன்றாவது புகார், தேவை சனிக்கிழமை.

கூடவே ஒரு விஷயமும் சேர்த்தேன். பிரிட்டனில் 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வாங்கியவர் கைக்குப் பொருள் வந்து சேரும்வரை பொறுப்பு விற்ற கடையுடையது. கூரியரைத் துரத்த வேண்டியது கடைதான், வாடிக்கையாளர் இல்லை. கூரியரை அவரே தனியாக ஏற்பாடு செய்திருந்தாலோ, இன்ன இடத்தில் வைத்துவிடுங்கள் என்று அவரே சொல்லியிருந்தாலோ கதை வேறு. இங்கே இரண்டும் இல்லை. அப்படியானால் 'கூரியரைத் தொடர்புகொள்ளுங்கள்' என்று நாம் மாதக்கணக்கில் அனுப்பிக்கொண்டிருந்த ஸ்கிரிப்டே தப்பு. கோபப்பட்டவர்களில் எத்தனை பேரை நாமே கோபப்படுத்தினோமோ!

எட்டு இருபதுக்குப் பதில் வந்தது. வெள்ளிக்கிழமை விரைவு டெலிவரியில் வேறு உடை. ஆர்டர் எண்ணைச் சொன்னேன், அவர் நன்றி சொன்னார், சாட் முடிந்தது. ரேட்டிங் வந்தது: ஐந்துக்கு ஒன்று. கீழே கருத்து: "பதில் சொன்ன பெண் நல்லவர். உங்கள் கம்பெனி குப்பை." ஒன்று ஒன்றுதான், என் கணக்கில் விழுந்தது. கருத்தைக் காட்டி மறுபரிசீலனை கேட்கலாம், கேட்டேன், நீக்கினார்கள். எப்போதும் நீக்குவார்கள் என்று சொல்ல முடியாது.

எல்லாக் கோபமும் இந்த வகை இல்லை. என் இங்கிலீஷைக் கிண்டல் செய்து, நாட்டைச் சொல்லித் திட்டி எழுதுகிறவர்களும் உண்டு. அது பார்சல் மேல் இருக்கிற கோபம் இல்லை. எங்கள் விதி: ஒரு எச்சரிக்கை, மறுபடியும் வந்தால் இரண்டாவது, அதன் பிறகு சாட்டை மூடிவிடலாம். மூடும்போது காரணத்தை அவர் எழுதிய அதே வார்த்தைகளில் குறிப்பில் போட வேண்டும், 'மரியாதையில்லாமல் பேசினார்' என்று சுருக்கக் கூடாது. அடுத்து எடுக்கிறவருக்கும் அது தேவை, மூடியது ஏன் என்று கேட்டால் எனக்கும் தேவை. அப்படி ஒரு சாட் முடிந்ததும் ஐந்து நிமிடம் பிரேக் போட்டுவிடுவேன். அந்த ஐந்து நிமிடத்துக்குக் காசு இல்லை. இருந்தாலும் போடுவேன், இல்லாவிட்டால் அடுத்து வருகிற அப்பாவியிடம் அந்தக் காரம் போய்விடும்.

மின்சாரம் பற்றியும் ஒரு வார்த்தை. பகல் ஷிப்ட் எடுக்கிறவர்கள், மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று பேப்பரில் பார்த்துவிட்டு எடுங்கள். இன்வெர்ட்டர் லேப்டாப்பைத் தாங்கும். வைஃபை ரவுட்டரையும் அதில் இணைத்திருக்கிறோமா என்பது கரண்ட் போன பிறகுதான் நினைவுக்கு வரும். நடுவில் இணைப்பு அறுந்தால் மூன்று சாட்டும் வேறு யாருக்கோ போகும், மூன்று பேரும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அந்தக் கோபம் யாருக்குப் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஸ்கிரிப்ட் மூன்று வாரம் கழித்து மாறியது. 48 மணி நேரமும் இல்லை, கூரியரும் இல்லை. இப்போது குறுக்குவிசையைத் தட்டினால் வருகிற முதல் வரி, "டெலிவரி புகைப்படத்தைப் பார்த்துவிட்டேன்." படத்தைத் திறக்காமலேயே அதைத் தட்டி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். போன வாரம் ஒரு வாடிக்கையாளர், "அப்படியா, கதவு என்ன நிறம்?" என்று கேட்டுவிட்டார்.