நிச்சயதார்த்தத்தில் தோழியின் இரண்டு நிமிடப் பேச்சு

[திரையில்: ஒரு கூடம். பாதி நாற்காலிகள் மஞ்சள், மீதி நீலம்.]

மஞ்சள் நாற்காலிகளில் இருப்பவர்கள் மணப்பெண்ணான உங்கள் தோழியைச் சிறு வயது முதல் அறிந்தவர்கள். நீல நாற்காலிகளில் மாப்பிள்ளை வீட்டார். அவர்களில் பலர் அவளை இன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறார்கள். உங்கள் பேச்சைத் தீர்மானிக்க வேண்டியது இந்த நீல நாற்காலிகள்தான்.

தேர்வு நாளன்று அவள் தூங்கிப்போன கதையைச் சொன்னால் மஞ்சள் பக்கம் சிரிக்கும். அவளுடைய மற்ற குணங்களை அறியாத நீலப் பக்கமோ, "பொறுப்பில்லாத பெண்ணோ?" என்று யோசிக்கும். பழைய காதல், உடல்நலம், பணம் பற்றிய பேச்சும் இப்படித்தான். அவற்றைத் தொடவே வேண்டாம்.

[திரையில்: ஒரு தாள். "அன்பானவள், பொறுமையானவள், உதவும் மனம் கொண்டவள்". மூன்றின் மீதும் கோடு விழுகிறது.]

பாராட்டுச் சொற்களை அடுக்குவதும் உதவாது. யாரைப் பற்றியும் இப்படிச் சொல்லலாம் என்பதால் எதுவும் மனத்தில் நிற்காது. உங்கள் கண்முன் நடந்த ஒரே ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். உதாரணமாக:

"கல்லூரியில் எனக்குக் கால் முறிந்து ஆறு வாரம் வீட்டில் கிடந்தேன். தினமும் மாலை மூன்று மாடி ஏறி வந்து, அன்றைய பாடத்தை இவள் எனக்கு வாசித்துக் காட்டினாள். ஒரு நாள் எனக்குக் கேட்கவே மனமில்லை. புத்தகத்தை மூடிவிட்டு, ஒன்றும் பேசாமல் இருட்டும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்."

இதில் 'பொறுமை' என்ற சொல்லே இல்லை. ஆனாலும் இரு பக்கத்தாருக்கும் அது புரிந்துவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கடைசி வாக்கியம். அவள் செய்த உதவியை மற்ற வாக்கியங்கள் சொல்கின்றன. அவள் யார் என்பதை அது காட்டிவிடுகிறது.

நிகழ்ச்சியோடு நிறுத்தினால் இது பழைய நட்பின் கதையாகவே முடிந்துவிடும். மாப்பிள்ளையும் உள்ளே வர வேண்டும். அவரை உங்களுக்கு அதிகம் தெரியாவிட்டால் தெரிந்ததுபோலப் புகழாதீர்கள். அவரைப் பற்றி அவள் உங்களிடம் சொன்ன ஒரு வார்த்தை போதும். சபையில் சொல்லலாமா என்று அவளிடம் முன்பே கேட்டுவிடுங்கள். அவள் தயங்கினால் அதை விட்டுவிடுங்கள்.

[திரையில்: கடிகாரம். இரண்டு நிமிடம்.]

முந்தைய நாள் சத்தமாகப் படித்து நேரம் பாருங்கள். இரண்டு நிமிடத்தைத் தாண்டினால் நிகழ்ச்சியைச் சுருக்காமல் முன்னுரையை வெட்டுங்கள். முடிவில் சபையிடமிருந்து திரும்பி, அவர்கள் இருவரையும் பார்த்துப் பேசுங்கள்:

"உங்களைச் சந்தித்த அன்று இவள் என்னிடம் சொன்னாள்: 'நான் பேசி முடிக்கும்வரை அவர் காத்திருந்தார்.' அன்று என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு, அப்படி உட்காரத் தெரிந்த ஒருவர் கிடைத்திருக்கிறார். இருவரும் நன்றாக இருங்கள்."

[திரையில்: பேசியவள் மைக்கைக் கொடுத்துவிட்டு, தோழியின் கையைப் பிடிக்கிறாள்.]